சோளகக் காற்றில் ஒரு தாள் கீற்று: நிற நீர் ஏறும் உயரத்தை அளந்து ஒப்பிடும் முழுமையான வழிகாட்டி

ஒரு ஆனி மாதம், பத்தாம் ஆண்டு வகுப்பில், நுண்ணிய துளைகளில் நீர் தானாக மேலேறும் மயிர்த்துளை எழுகைப் பரிசோதனை செய்துகொண்டிருந்தோம். மேசை போதாமல் பாதிப் பிள்ளைகள் வகுப்பறைக்குள்ளும் மீதிப் பேர் விறாந்தையிலும் இருந்தார்கள். ஒரே வடிதாள், ஒரே அகலக் கீற்று, ஒரே சிவப்பு நீர். முப்பத்தாறு நிமிடம் கழித்து விறாந்தைக் குழுவின் கீற்றில் நீர் எட்டு சென்ரிமீற்றரைக்கூடத் தொடவில்லை. உள்ளே, ஈ மொய்க்கிறதென்று கீற்றின்மேல் வெட்டிய தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து வைத்திருந்த குழுவுக்கு பதின்மூன்றைத் தாண்டியிருந்தது. “ரீச்சர், அவை ஏமாத்தீட்டினம்” என்று ஒரு பிள்ளை அழாத குறை.

யாரும் ஏமாற்றவில்லை. கிளிநொச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் வீசும் சோளகக் காற்றைத் தெரிந்தவர்களுக்கு விடை பாதி விளங்கியிருக்கும். காலையில் விரித்த சாரம் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் காற்று அது. ஆனால் அன்று மாலை நான் யோசித்துக்கொண்டு போனது இன்னொன்றை. அதே விறாந்தையில் வைத்திருந்த காசித்தும்பைத் தண்டில் மட்டும் நிறம் மற்றெல்லாரையும் முந்தி ஏறியிருந்தது. தாளை நிறுத்திய அதே காற்று தண்டில் நீரை ஏற்றியிருக்கிறது. பாடநூலில் தாளும் துணியும் தண்டும் ஒரே தலைப்பின் கீழ் வரும். உயரத்தைக் கவனமாக அளந்தால் அவை ஒரே விதமாக நடப்பதில்லை என்பது தெரியும். ஏன் என்பதை நீங்களே கண்டுபிடிக்கும் வரிசையில் இந்தப் பரிசோதனையை எழுதுகிறேன். இரண்டு இரட்டைப் பாடவேளை போதும்.

எடுத்து வைக்க வேண்டியவை

வடிதாள் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும். இல்லாவிட்டால் மை ஒற்றும் தாள் நல்லது. அப்பியாசக் கொப்பித் தாள் சரிவராது. மை பரவாமலிருக்க அதற்குப் பசையேற்றியிருப்பார்கள், அந்தப் பசை நீரையும் தடுக்கும். ரிசு தாளில் நீர் வேகமாக ஏறும், ஆனால் நனைந்ததும் தன் பாரத்திலேயே கிழிந்து விழும்.

துணிக்கு, பலமுறை தோய்த்த பழைய பருத்தி வேட்டியில் ஒரு துண்டு. அதோடு கடையில் புதிதாக வாங்கிய வெள்ளைப் பருத்தித் துணியிலும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள். ஏன் இரண்டு என்பது பிறகு தெரியும்.

தண்டுக்கு காசித்தும்பையை விடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. தண்டு நீர்ப்பிடிப்பாக, பாதி ஒளிபுகும் விதமாக இருக்கும், உள்ளே நிறம் ஏறுவது வெளியிலிருந்தே மங்கலாகத் தெரியும். வெள்ளைப் பூப் பூக்கும், தண்டு வெளிறிய செடியாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இளம் முளைக்கீரை, பச்சைத் தண்டு உள்ளது. குளம் பக்கத்தில் இருக்கிறதே என்று பிள்ளைகள் தாமரைத் தண்டு கொண்டுவருவார்கள். அதில் கண்ணுக்குத் தெரியும் பெரிய துளைகள் காற்றுக்கானவை. நீரைக் கடத்தும் காழ், நீர்த் தாவரங்களில் மிகக் குறைவாகத்தான் வளர்ந்திருக்கும். பெரிய குழாய் இருக்கிறதே, நன்றாக ஏறும் என்று நினைத்தவர்கள் ஏமாந்துபோவார்கள்.

நிறத்துக்கு கேக்குக்குப் போடும் சிவப்பு அல்லது நீலக் கலரிங். 100 மில்லிலீற்றர் நீருக்கு இரண்டு தேக்கரண்டி. மூன்று பொருளுக்கும் ஒரே கரைசலையே பாவியுங்கள், வேறு வேறாகக் கரைத்தால் ஒப்பிட முடியாது. மஞ்சள் தூள் வேண்டாம், அது நீரில் கரையாமல் துகளாகவே இருக்கும், தாள் அதை வடிகட்டிவிடும். ஆய்வுகூடத்தில் கைக்கு எட்டும் பொற்றாசியம் பரமங்கனேற்றும் வேண்டாம். ஊதா நிறம் அழகுதான், ஆனால் அது தாளோடு தாக்கமடைந்து மண்ணிறமாகி அடியிலேயே நின்றுவிடும்.

மற்றவை: 1.5 லீற்றர் பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, அடி வெட்டியது. அகலமான தாழ்ந்த கிண்ணங்கள். அடிமட்டம், பென்சில், நூல், கிளிப், புதிய பிளேட், ஒரு பொலித்தீன் பை, மணிக்கூடு.

கீற்று வெட்டுவதும் தொங்கவிடுவதும்

கீற்று 2 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளம். தாள் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படியும், அந்தத் திசையோடு நீர் கொஞ்சம் வேகமாக ஏறும். அதனால் எல்லாக் கீற்றையும் தாளின் ஒரே பக்கமாகவே வெட்டுங்கள். துணியிலும் நீளவாட்டு நூலான பாவோடு வெட்டியதும் குறுக்கு நூலான ஊடையோடு வெட்டியதும் வேறு வேறு உயரம் காட்டும். நூல் இழையை வழிகாட்டியாக வைத்து நேராக வெட்ட வேண்டும்.

கீழ் முனையிலிருந்து 2 செ.மீ. மேலே பென்சிலால் ஒரு கோடு. அதுதான் பூச்சியம், நீர்மட்டம் அங்கே நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் சின்னக் கோடு. பேனாவால் போட்டால் அந்த மையும் நீரோடு ஏறிக் குழப்பும். கீற்றை மேல் நுனியில் மட்டும் பிடியுங்கள். எண்ணெய் பட்ட விரல் வைத்த இடத்தில் நீர் முகப்பு வளைந்து போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

திறந்த கீற்றை இரண்டு கதிரைக்கு நடுவே கட்டிய நூலில் கிளிப்பால் தொங்கவிடலாம். மூடிய கீற்றுக்கு, நூலை அதன் மேல் நுனியில் கட்டி போத்தல் வாயால் வெளியே எடுங்கள். கிண்ணத்தின்மேல் போத்தலைக் கவிழ்த்து, கீற்று நீரைத் தொடாத உயரத்தில் நூலைப் பிடித்து மூடியை இறுக்கி வையுங்கள். போத்தலின் உட்சுவரில் முன்கூட்டியே கொஞ்சம் நீர் தெளித்து பத்து நிமிடம் விட்டால் உள்ளே காற்று ஈரப்பதமாகிவிடும். பிறகு மூடியைத் தளர்த்தி, பூச்சியக் கோடு நீர்மட்டத்துக்கு வரும்வரை நூலை இறக்கி, திரும்ப மூடினால் பரிசோதனை தொடங்கிவிடும்.

கீற்று போத்தல் சுவரில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் தாளுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வெளியில் நீர் தனியாக ஓடிவிடும். முகப்பின் ஒரு ஓரம் மட்டும் கூர்மையாக மேலெழுந்து நிற்பதைக் கண்டால் அந்தக் கீற்றை எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

எதை அளக்கிறோம்

பெரும்பாலான வகுப்புகளில் தவறு இங்கேதான் நடக்கிறது. பிள்ளைகள் நிறத்தின் விளிம்பை அளப்பார்கள். நிறமோ தாளின் நாரில் ஒட்டி ஒட்டிப் பிந்தி வரும், தெளிந்த நீர் அதற்கு முன்னாலே போய்க்கொண்டிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நிறம் நின்ற இடத்துக்கு மேலே நிறமில்லாத ஈரப் பட்டை ஒன்று தெரியும். நீர் ஏறிய உயரம் அந்த ஈரத்தின் விளிம்பு. சிவப்பும் நீலமும் வேறு வேறு அளவில் ஒட்டும் என்பதால், நிறத்தை அளந்தால் “சிவப்பு நீர் நீல நீரை விட உயரம் ஏறும்” என்ற பொய்யான முடிவுதான் கிடைக்கும். தாளிலும் துணியிலும் நிறம் கண்ணுக்கு உதவிக்கு மட்டும். தண்டில் நிலைமை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

எப்போது அளப்பது? 1, 4, 9, 16, 25, 36 ஆம் நிமிடங்களில். இந்த எண்களுக்குக் காரணம் இருக்கிறது. நுண்துளைகள் நிறைந்த பொருளில் நீர் ஏறும்போது, அதை இழுக்கும் விசை கிட்டத்தட்ட மாறாது. ஆனால் ஏற ஏற, பின்னால் இழுத்துவர வேண்டிய நீர்ப்பாதை நீண்டு உராய்வு கூடுகிறது. அதனால் உயரம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு போகும். 1918இல் லூக்காசும் 1921இல் வோஷ்பர்னும் இதைச் சமன்பாடாக எழுதினார்கள். நான்கு மடங்கு நேரம் விட்டால் இரண்டு மடங்கு உயரம். மேலே சொன்ன நிமிடங்களின் வர்க்கமூலம் 1, 2, 3, 4, 5, 6. ஆகவே விதி சரியாக நடந்தால் ஒரு அளவீட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் நீர் ஏறும் தூரம் சமமாக இருக்க வேண்டும். கணிப்பான் கூடத் தேவையில்லை, கழித்துப் பார்த்தால் போதும்.

தாள்: மூடியதும் திறந்ததும்

அன்று முரண்பட்ட இரண்டு குழுவையும் மறுநாள் ஒன்றாக்கி, விறாந்தையிலேயே ஒரு கீற்றைத் திறந்தும் ஒன்றை மூடியும் செய்வித்தோம். கிடைத்த உயரங்கள் செ.மீ.இல்:

| நிமிடம் | மூடியது | திறந்தது |
|---|---|---|
| 1 | 2.4 | 2.3 |
| 4 | 4.7 | 4.4 |
| 9 | 7.0 | 5.9 |
| 16 | 9.2 | 6.9 |
| 25 | 11.3 | 7.5 |
| 36 | 13.2 | 7.7 |

மூடிய கீற்றின் இடைவெளிகளைக் கழித்துப் பாருங்கள்: 2.4, 2.3, 2.3, 2.2, 2.1, 1.9. கிட்டத்தட்டச் சமம். கடைசியில் கொஞ்சம் குறைவது புவியீர்ப்பாலும் போத்தலுக்குள்ளும் சிறிதளவு ஆவியாவதாலும். திறந்த கீற்றில்: 2.3, 2.1, 1.5, 1.0, 0.6, 0.2. முதல் நிமிடத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஈரப்பட்ட பரப்பு சிறிதாக இருக்கும்வரை காற்று எடுக்கும் நீரும் சிறிது. ஈரம் மேலே போகப் போக ஆவியாகும் பரப்பு கூடுகிறது, அடியிலிருந்து வரும் ஓட்டமோ குறைகிறது. ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு கீற்று எவ்வளவு நேரம் தொங்கினாலும் விளிம்பு நகராது, நீர் மட்டும் தொடர்ந்து ஏறி ஏறிக் காற்றோடு போய்க்கொண்டிருக்கும்.

அப்படிப் போகிறது என்பதற்கு அடையாளமும் கீற்றிலேயே இருக்கிறது. ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். திறந்த கீற்றின் மேற்பகுதியில் கடும் நிறப் பட்டை ஒன்று கட்டியிருக்கும். நீர் ஆவியாகி, கரைந்திருந்தது அங்கே தங்கிவிடுகிறது. வீட்டுச் சுவரில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உப்புப் பூத்து சாந்து உதிர்வதைக் கண்டிருப்பீர்கள், அந்தக் கோடும் இதே விதமாக வந்ததுதான்.

ஆக, திறந்த தாளில் நாம் அளந்த 7.7 தாளின் இயல்பு மட்டும் அல்ல. தாளும் அன்றைய காற்றும் சேர்ந்த எண் அது. இரண்டு பொருளை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் மூடித்தான் ஒப்பிட வேண்டும்.

துணி

துணியில் நீளமாகச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: அது எவ்வளவு ஏறும் என்பதை அதன் பழைய வரலாறு தீர்மானிக்கும். எங்கள் பழைய வேட்டித் துண்டில் மூடிய நிலையில் 16 நிமிடத்தில் பாவோடு 8.1 செ.மீ., ஊடையோடு 7.2. புதிய துணியிலோ அரை சென்ரிமீற்றரைத் தாண்டவில்லை, ஈர விளிம்பும் ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாக இருந்தது. இரண்டும் பருத்திதான்.

பருத்தி நாரின் மேல் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. நெய்யும்போது பாவு நூலுக்குக் கஞ்சியும் ஏற்றுவார்கள், கடைக்கு வரும்போது மினுக்கம் தரும் பூச்சும் இருக்கலாம். இவை இருக்கும்வரை நீர் நாரில் ஒட்டாது. நீர் ஒட்டாத துளை எவ்வளவு ஒடுங்கியதாக இருந்தாலும் நீரை இழுக்காது. அதே புதிய துணியைச் சவர்க்காரம் போட்ட வெந்நீரில் அரை மணித்தியாலம் வைத்துத் தோய்த்து, ஐந்தாறு முறை அலசிக் காயவிட்டு மீண்டும் செய்தோம், 6 செ.மீ. வந்தது.

நன்றாக அலசுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சவர்க்காரம் மிச்சமிருந்தால் அது நீரின் பரப்பிழுவிசையைக் குறைத்துவிடும், இழுக்கும் விசையே குறைந்துபோகும். எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் பல இடங்களில் வன்மையானது, சவர்க்காரம் அதில் வெண்படலமாகி இழைகளுக்குள் தங்கும். கடைசி இரண்டு அலசலையும் பிடித்து வைத்த மழைநீரில் செய்தால் நல்லது. அலசிய நீரை ஒரு போத்தலில் விட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காவிட்டால் துணி தயார்.

தண்டு

இப்போது காசித்தும்பை. ஒரே செடியிலிருந்து ஒரே பருமனான மூன்று கிளை எடுங்கள், ஒவ்வொன்றும் 20 செ.மீ., நான்கைந்து நல்ல இலையோடு. செடியிலிருந்து கொஞ்சம் நீளமாகவே வெட்டிக்கொண்டு வந்து, அடிமுனையை ஒரு பேசின் நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தபடி, கூரிய பிளேட்டால் இரண்டு அங்குலம் சரிவாக மறுபடி வெட்டுங்கள். காற்றில் வெட்டும்போது காழ்க் குழாய்களுக்குள் இழுபட்டு நிற்கும் நீர் சட்டென்று மேலே பின்வாங்கும், அந்த இடத்துக்குள் காற்றுப் புகுந்து அடைக்கும். நீருக்குள் வெட்டினால் காற்றுப் புகுந்த பகுதி போய்விடும். மழுங்கிய கத்தியால் நசுக்கி வெட்டினாலும் குழாய் அடைபடும்.

வெட்டிய முனையில் ஒரு துளி நீர் ஒட்டியிருக்கும்போதே நிற நீருக்கு மாற்றுங்கள். முதல் கிளையை இலையோடு விறாந்தையில், காற்றுப் படும் நிழலில் வையுங்கள். இரண்டாவதன் இலைகளைப் பொலித்தீன் பையால் மூடி, உள்ளே சில துளி நீர் தெளித்துக் கட்டுங்கள். மூன்றாவதில் இலைகளை அடியோடு வெட்டி, வெட்டிய வாய்களில் வசிலின் பூசுங்கள்.

முப்பது நிமிடத்தில் மூன்றையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்துத் துடைத்து, பிளேட்டால் ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். வெட்டுவதை மேல் நுனியிலிருந்து தொடங்க வேண்டும். கீழிருந்து வெட்டினால் பிளேட்டில் ஒட்டிய நிறம் ஒவ்வொரு துண்டுக்கும் ஏறி, நுனிவரை நிறம் போனதுபோல் காட்டும். முதலில் நிறப் புள்ளி தெரியும் துண்டு எது என்று பாருங்கள். புள்ளிகள் தண்டின் ஓரமாக வட்டமாக அடுக்கியிருக்கும், அவைதான் காழ்க் கட்டுகள். நடுச்சோற்றில் நிறம் இருக்காது. முழுப் பரப்பும் ஒரே சிவப்பாக இருந்தால் தண்டு நசுங்கியிருக்கிறது, அந்த அளவை எடுக்க வேண்டாம்.

எங்களுக்குக் கிடைத்தவை: காற்றில் நின்ற கிளை 15 செ.மீ., பையால் மூடியது 4 செ.மீ., இலை இல்லாதது ஒன்றரை செ.மீ.

தாளை மூடினால் ஏறியது, தண்டை மூடினால் நின்றது. “அப்ப தண்டிலை இருக்கிறது மயிர்த்துளை இல்லையா, ரீச்சர்?” என்று முதல் நாள் அழாத குறையாக நின்ற அதே பிள்ளை கேட்டாள்.

ஏற்கனவே நனைந்த கீற்று

அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் வாய்திறந்து விளக்கம் சொல்லவில்லை. இன்னொரு பரிசோதனை கொடுத்தேன். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் என்றால் இதைச் செய்யுங்கள்.

அதே வடிதாளில் 10 செ.மீ. நீளக் கீற்று இரண்டு வெட்டி, முழுவதையும் சாதாரண நீரில் நனைத்து, ஒரு நிமிடம் தொங்கவிட்டு வடியவையுங்கள். பிறகு இரண்டையும் அடி 2 செ.மீ. நிற நீரில் அமிழும்படி வையுங்கள், ஒன்று போத்தலுக்குள், ஒன்று திறந்து. கீற்று குட்டையாக இருப்பது முக்கியம். நீர்மட்டத்துக்கு மேலே எட்டுச் சென்ரிமீற்றர்தான் நிற்கும், காற்றுள்ள இடத்திலும் நீர் கிட்டத்தட்ட நுனிவரை எட்டி அதை ஈரமாகவே வைத்திருக்கும். இங்கே ஈர விளிம்பு என்று ஒன்று இல்லை, எல்லாமே ஈரம். அதனால் இம்முறை நிறத்தைத்தான் பின்தொடர வேண்டும்.

இருபது நிமிடத்தில் மூடிய கீற்றில் நிறம் ஒரு சென்ரிமீற்றர்கூட ஏறவில்லை. திறந்ததில் ஐந்து ஏறிவிட்டது. தாள் இப்போது தண்டைப் போல நடக்கிறது.

காரணம் நீரின் வளைந்த மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. நீரை இழுப்பது துளை அல்ல, துளைக்குள் நீரும் காற்றும் சந்திக்கும் இடத்திலுள்ள அந்தப் பிறைபோன்ற மேற்பரப்பு. காய்ந்த தாளில் அந்தப் பிறைகள் ஈர விளிம்பில் இருக்கின்றன, முன்னால் காலியான துளை இருக்கும்வரை முன்னேறும். முழுதாக நனைந்த கீற்றில் காலித் துளையே இல்லை. பிறைகள் தாளின் வெளிப்பரப்புக்கு வந்துவிட்டன. அவை இழுக்கத் தயாராக நிற்கும், ஆனால் ஆவியாகி நீர் குறைந்தால்தான் அடியிலிருந்து நீர் நகரும். எவ்வளவு போகிறதோ அவ்வளவு வரும்.

குப்பி விளக்குத் திரியும் இந்த நிலையில்தான் இருக்கிறது. முதலில் காய்ந்த திரியைப் போட்டதும் மண்ணெண்ணெய் ஏறுவது காய்ந்த தாளைப் போல. திரி நனைந்து முடிந்த பிறகு, எரிந்து போகும் அளவுக்கு மட்டும் ஏறும், அணைத்துவிட்டால் நின்றுவிடும். மின்சாரமில்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்கள் தலைமுறைக்கு இது கையோடு தெரிந்த விஷயம்.

தண்டின் காழ்க் குழாய்கள் செடி முளைத்த நாளிலிருந்தே நீரால் நிரம்பியவை. அவற்றுக்குள் ஏறிப்போக ஒரு பிறையும் இல்லை. பிறைகள் இலைக்குள்ளே, கலச்சுவர்களின் நுண்ணிய இடைவெளிகளில் இருக்கின்றன. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, அதாவது ஆவியுயிர்ப்பின்போது, அவை முழு நீர்க்கம்பத்தையும் மேலே இழுக்கின்றன. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிணைவு விசையால் கம்பம் அறுபடாமல் வருகிறது. டிக்சனும் ஜோலியும் 1894இல் முன்வைத்த விளக்கம் இது.

குழாயின் மயிர்த்துளை எழுகை மட்டும் போதாது என்பதைக் கணக்கிலும் காட்டலாம். 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் நீர் ஏறுவது ஏறத்தாழ 3 செ.மீ. விட்டம் பத்திலொன்றானால் உயரம் பத்து மடங்கு, 30 செ.மீ. காழ்க் குழாய் ஒன்றின் விட்டத்தை 0.04 மில்லிமீற்றர் என்று எடுத்தால் முக்கால் மீற்றர். குளக்கட்டில் நிற்கும் மருத மரத்துக்கு அது முழங்காலுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் இலைக் கலச்சுவர் இடைவெளிகள் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் ஒடுங்கியவை, அங்குள்ள பிறைகளால் எந்த மரத்தின் உயரத்துக்கும் நீரைத் தாங்க முடியும். ஆக அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில்: மயிர்த்துளை இருக்கிறது, ஆனால் நாம் அதைத் தண்டில் தேடினோம். அது இலையில் இருந்தது.

அளவுகள் ஒத்துவராதபோது

இலை வெட்டிய தண்டிலும் நிறம் நான்கைந்து சென்ரிமீற்றர் ஏறினால், அநேகமாக அது நீருக்குள் வெட்டப்படவில்லை. காற்றுப் புகுந்த குழாய்கள் காலியாகி, காய்ந்த தாளைப் போல நிற நீரை உள்ளே எடுத்திருக்கும். இந்த ஏற்றம் முதல் ஓரிரு நிமிடத்திலேயே நடந்து பிறகு நின்றுவிடும். சந்தேகமென்றால் இரண்டு தண்டு வைத்து, ஒன்றை ஐந்தாம் நிமிடத்திலும் மற்றதை முப்பதாம் நிமிடத்திலும் வெட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே உயரம் என்றால் காரணம் இதுதான்.

இலையோடு காற்றில் வைத்த கிளையிலும் நிறம் ஏறாவிட்டால், வாடிய கிளையாக இருக்கலாம். நண்பகல் வெயிலில் பறித்த கிளையில் இலைவாய்கள் மூடியிருக்கும், ஆவியுயிர்ப்பு நின்றுபோயிருக்கும். காலை எட்டு மணிக்கு முன் பறித்து நீரில் வைத்திருங்கள்.

மூடிய தாளிலும் இடைவெளிகள் வேகமாகக் குறைந்தால் முதலில் கிண்ணத்தைப் பாருங்கள். ஒடுங்கிய பாத்திரமென்றால் நீர்மட்டம் இறங்கி, பூச்சியக் கோடு நீருக்கு மேலே வந்திருக்கும்.

எங்கள் அளவுகளோடு உங்களுடையதை ஒப்பிடும்போது மாதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே வகுப்பு, கார்த்திகை மழைக்கு நடுவே, அதே விறாந்தையில் எல்லாவற்றையும் திரும்பச் செய்தது. மூடிய கீற்று அசையாமல் 13.1 என்றது. திறந்த கீற்று 36 நிமிடத்தில் 10.6க்குப் போனது. காற்றில் வைத்த காசித்தும்பை முப்பது நிமிடத்தில் 6 செ.மீ. மட்டும் ஏறியது.